கில்வா வரைக்கும்தான் காத்து

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியுற சுவர் எல்லாம் பவளக்கல்லு. தான்சானியாவோட தென்பக்கம், கில்வா கிசிவானின்னு ஒரு குட்டித் தீவு. நான் நிக்கிறது ஹுசுனி குப்வா, 14-ஆம் நூற்றாண்டு அரண்மனை. உள்ளே எட்டுப் பக்கமா ஒரு குளியல் தொட்டிகூட இருக்கு.

இவ்வளவு பெரிய அரண்மனையை இங்க ஏன் கட்டணும்? தங்கம் இங்க கிடைக்கவே இல்லை. அது ஜிம்பாப்வே பக்கத்து மேட்டு நிலத்துல எடுத்து, சோஃபாலாங்கிற துறைக்கு வரும். அது இங்கேர்ந்து இன்னும் ரொம்ப தூரம் தெற்கே. அப்ப குஜராத் வியாபாரி நேரா சோஃபாலாவுக்கே போயிருக்கலாமே?

போக முடியாது. காத்து விடாது.

நாம வாடைன்னு சொல்றோமே, அந்த வடகிழக்குக் காத்துக்கு இங்க கஸ்காஸின்னு பேரு. டிசம்பர் வாக்குல அரேபியாலேர்ந்தும் குஜராத்லேர்ந்தும் பாய்மரக் கப்பலைத் தள்ளிட்டு வரும். மார்ச்சுல ஓஞ்சிடும். ஏப்ரல்ல குசி, அதாவது தென்மேற்குக் காத்து ஆரம்பிச்சு, அதே கப்பலைத் திருப்பி அனுப்பும். தெற்கே போகப் போக கஸ்காஸிக்கு வலு குறையும். கில்வா வரைக்கும் வந்தா அந்த வருஷமே ஊர் திரும்பலாம். அதுக்கும் கீழே போனா அடுத்த வருஷக் காத்துக்குத்தான் காத்திருக்கணும். போட்ட முதல் ஒரு வருஷம் முடங்கிப்போனா எந்த வியாபாரி தாங்குவான்?

அந்த இடைவெளியைத்தான் கில்வாக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. சோஃபாலாவுக்கு இவங்களே படகு விட்டு, தங்கமும் தந்தமும் கொண்டுவந்து இங்க சேர்த்து வைப்பாங்க. பதிலுக்கு இந்தியத் துணி, மணிகள் எல்லாம் இங்க இறங்கும். இந்த ஊர் சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் பேர்ல அடிச்ச ஒரு செப்புக்காசு, உள்நாட்டுல கிரேட் ஜிம்பாப்வேங்கிற பழைய கல் நகரத்துலயே கிடைச்சிருக்கு. 1331-ல மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்ததும் இவர் காலத்துலதான்.

குசியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஜூன், ஜூலையில அது முரட்டுக் காத்து. இந்தியாவோட மேற்குத் துறைமுகங்கள்ல கப்பலை ஒதுக்கவே முடியாது. அதனால குசி தொடங்கும்போதே கிளம்பணும், இல்லைன்னா ஆகஸ்ட் வரைக்கும் இங்கயே உட்காரணும். அப்படி மாசக்கணக்கா தங்கினவங்கள்ல சிலர் இங்கயே கல்யாணம் பண்ணிக் குடும்பமாயிட்டாங்க.

காத்து நேரத்தை மதிக்காட்டி என்ன ஆகும்னு வாஸ்கோ ட காமா கதையே சொல்லும். 1498 ஏப்ரல் 24-ல, கென்யாவுல இருக்குற மாலிந்தியிலேர்ந்து வழி தெரிஞ்ச மாலுமி ஒருத்தரோட கிளம்பினார். மே 20-ல கோழிக்கோடு பக்கம் நங்கூரம். நாலு வாரம்கூட ஆகலை. திரும்பும்போது அவசரப்பட்டு, கஸ்காஸி பிடிக்கிறதுக்கு முன்னாடியே, அக்டோபர் தொடக்கத்துல கோவாவுக்குத் தெற்கே இருக்குற அஞ்சதீவுலேர்ந்து பாய் விரிச்சுட்டார். நடுக்கடல்ல காத்தே இல்லை. மாலிந்தி வந்து சேர 1499 ஜனவரி ஆயிடுச்சு. வைட்டமின் சி இல்லாம வர்ற ஸ்கர்வி நோய் வந்து நிறைய பேர் செத்துட்டாங்க. மிச்சம் இருந்த ஆளுங்களை வெச்சு எல்லாக் கப்பலையும் ஓட்ட முடியாம, ஒண்ணை இந்தக் கரையிலயே கொளுத்திட்டுத்தான் போனாங்க.