மூன்று வாரம் மாட்டிப் பார்த்தோம்

"பாதி தெரிந்ததுமே முடிவெடுப்பவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பவர்!" எல்லாம் தெரிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று வாதாடும் எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னது இது.

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேராக அந்தக் கிணற்றடிக்கே போகிறேன்.

குதிக்கச் சொன்னது யார்? ஒரு கல்லைத் தூக்கிப் போடுங்கள் என்றுதான் எங்கள் அணி சொல்கிறது. தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று சத்தமே சொல்லிவிடும். போனால் ஒரு கல். இருட்டுவதற்குள் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

என் அப்பாவுக்குக் காது மந்தம். காது மெஷின் வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே நிறையத் தெரியும். காதுக்குப் பின்னால் மாட்டுவது, உள்ளே வைப்பது, சார்ஜ் போடுவது, பேட்டரி மாற்றுவது என்று 11 மாடல்களை ஒரு எக்செல் தாளில் ஏற்றினான். ஒவ்வொன்றுக்கும் 26 விவரம். இதோ முடிவாகிவிட்டது என்னும்போது புது மாடல் ஒன்று வரும், தாளில் ஒரு வரி கூடும். இப்படியே இரண்டு வருஷம் போனது.

சித்தப்பா ஒருநாள் வந்து, "என் மூக்குக் கண்ணாடியைப் போட்ட நிமிஷமே எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நீங்களும் போட்டுப் பார்த்து வாங்குங்கள்" என்றார். போட்டுப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் காது, கண்ணாடியைப் போல உடனே தெளியாது. கேட்காமலே பழகிய மூளைக்குச் சத்தங்களைப் பிரித்தறியச் சில வாரம் பிடிக்கும்.

கடைசியில், காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் எந்த விவரம் மாறினால் உங்கள் முடிவு மாறும்?"

அண்ணன் வெகுநேரம் யோசித்தான். 26-இல் இரண்டுதான் தேறியது. நடுங்கும் விரலால் அப்பாவே மாட்டிக்கொள்வாரா? பேச்சு அவருக்குப் புரியுமா? அந்த இரண்டுக்கும் தாளில் விடை கிடையாது. அப்பாவின் காதில்தான் இருக்கிறது.

ஒரு மெஷினை மூன்று வாரத்துக்கு இரவல் தந்தார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். 22-ஆம் நாள் காலையில் முடிவு என்று காலண்டரில் வட்டம் போட்டோம். மாட்டுவதற்கு முன்பே நான்கு வரி எழுதி வைத்தோம். தானே மாட்டிக்கொள்ள வேண்டும். டிவி சத்தம் 34-இலிருந்து 25-க்குக் கீழே இறங்க வேண்டும். போனை அடுத்தவர் கையில் கொடுக்காமல் பேச வேண்டும். நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது பேச்சில் கலந்துகொள்ள வேண்டும். நான்கில் மூன்று தேறினாலே வாங்குவது, இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாடல். முதல் வாரத்தில் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதையும் எழுதினோம். முன்னாலேயே எழுதாவிட்டால், வந்த பலனுக்கு ஏற்றபடி நம் மனசு அளவுகோலை வளைத்துவிடும்.

முதல் வாரம் அப்பா மூன்று முறை கழற்றி வைத்தார். காகிதம் மடிக்கும் சத்தம் காதைக் கிழிக்கிறது, என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிறது என்றார். அன்றே தீர்ப்புச் சொல்லியிருந்தால் தோல்விதான். இரண்டாம் வாரம் ஆடியாலஜிஸ்ட் அளவைத் திருத்தினார். 21-ஆம் நாள் இரவு டிவியில் 22. போனில் தானே பேசினார். மாட்டுவதும் பழகிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து பேசினால் மட்டும் இன்றைக்கும் தடுமாறுகிறார். அது தெரிந்தேதான் மறுநாள் வாங்கினோம்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், "ஆபரேஷனை மூன்று வாரம் செய்து பார்க்க முடியுமா?" என்றார். முடியாது. திருப்ப முடியாத காரியத்துக்குக் கூடுதல் நாள் எடுக்கட்டும், இன்னொரு மருத்துவரையும் கேட்கட்டும். அங்கேயும் ஒரு தேதி வேண்டும். நோய் நமக்காகக் காத்திருக்காது.

நடுவர் அவர்களே, அந்த இரண்டு வருஷத்தைச் சொன்னேன். அதில் என்ன நடந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் அம்மா போய்விட்டார். கடைசி மாதங்களில் அம்மாவுக்குக் குரல் ஏறவில்லை. அப்பாவின் காதோடு வாயை வைத்துப் பேசுவார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பாதி அவருக்கு விழவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

மெஷின் வாங்கிய அன்று இரவு, பேத்தியின் போனில் இருந்த அம்மாவின் வீடியோவைப் போடச் சொன்னார் அப்பா. குழந்தைக்குக் கதை சொல்லும் ஒரு நிமிஷ வீடியோ. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவள் குரல் இவ்வளவு மெதுவா?"