கம்பளி ஆடைகளைப் போடக்கூடாது, 40 நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். சலவை இயந்திரத்தோடு வரும் கையேட்டை நீங்கள் எப்போதாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கப் போவதில்லை. நான் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் அந்தக் கையேடுகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு.

ஒரு கையேடு ஒரு தடவையோடு முடிவதில்லை. புது மாடல் வந்தால் கையேட்டுக்கும் புதுப் பதிப்பு வரும். 100 பக்கத்தில் மாறியிருப்பது பத்துப் பக்கமாகத்தான் இருக்கும். மீதியெல்லாம் போன முறை நானே எழுதிய அதே வாக்கியங்கள். அவற்றைத் திரும்பத் தட்டாமல் இருப்பதற்குத்தான் 'மொழிபெயர்ப்பு நினைவகம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. ஐரோப்பிய சமூகத்தின் மொழிபெயர்ப்பாளரான பீட்டர் ஆர்தர்ன் 1978-லேயே, பழைய மொழிபெயர்ப்புகளைக் கணினியில் சேமித்து, அதே வாசகம் மறுபடி வரும்போது எடுத்துத் தரச் செய்யலாம் என்று முன்வைத்தார்.

வேலை நடக்கும் விதம் எளிது. மென்பொருள் கையேட்டை வாக்கியம் வாக்கியமாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் தொழிலில் 'செக்மென்ட்' என்போம். தலைப்பும் ஒரு செக்மென்ட், அட்டவணையின் ஒரு கட்டமும் ஒரு செக்மென்ட். நான் தமிழ் எழுதி உறுதி செய்ததும், ஆங்கிலத் துண்டும் தமிழ்த் துண்டும் ஜோடியாகச் சேமிக்கப்படுகின்றன. அடுத்த பதிப்பில் அதே ஆங்கிலத் துண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தால் 100 சதவீதப் பொருத்தம். பழைய தமிழ் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். சற்றே மாறியிருந்தால் அரைகுறைப் பொருத்தம். பழைய தமிழைக் காட்டி, ஆங்கிலத்தில் எது மாறியது என்று நிறம் போட்டுக் காட்டும். ஓமேகா-டி போன்ற இலவச மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது.

நான் பட்ட பாட்டைச் சொன்னால் இதன் குணம் விளங்கும். ஒரு கையேட்டின் பழைய பதிப்பில், 'இந்த இயந்திரத்தில் இவற்றைப் போடாதீர்கள்' என்ற பொருளில் ஒரு முன்வரி. அதன் கீழே பட்டியல்: தோல் பொருட்கள், மழைக்கோட்டுகள், கம்பளி ஆடைகள். ஆங்கிலத்தில் 'போடாதீர்கள்' முன்வரியிலேயே வந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில்தான் இயல்பாக உட்காரும். ஆகவே முன்வரியை 'இந்த இயந்திரத்தில்' என்று நிறுத்திவிட்டு, பட்டியலின் கடைசி வரியில் 'கம்பளி ஆடைகளைப் போடக்கூடாது' என்று முடித்தேன். அச்சில் அழகாகத்தான் இருந்தது.

நினைவகத்துக்கு அச்சுப் பக்கம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு ஜோடி மட்டும். ஆங்கிலத்தில் 'கம்பளி ஆடைகள்' என்ற இரண்டே சொல். அதற்குத் தமிழ், 'கம்பளி ஆடைகளைப் போடக்கூடாது'.

அடுத்த மாடலில் கம்பளிக்கென்றே தனி சலவை முறை வந்துவிட்டது. அட்டவணையில் துணியின் வகை, நீரின் சூடு, நேரம் என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அதே இரண்டு ஆங்கிலச் சொற்கள். 100 சதவீதப் பொருத்தம்! மென்பொருள் மகிழ்ச்சியோடு நிரப்பியது: 'கம்பளி ஆடைகளைப் போடக்கூடாது, குளிர்ந்த நீர், 40 நிமிடம்.'

இதை ஏன் யாரும் பார்க்கவில்லை? முழுப் பொருத்தங்களுக்குப் பல நிறுவனங்கள் மிகக் குறைந்த கூலிதான் தரும். சில இடங்களில் அதுவும் இல்லை, அவற்றைத் திருத்த முடியாதபடி பூட்டியே அனுப்புவார்கள். கூலி இல்லாத வரியை யார் படிப்பார்? நானும் படிக்கவில்லை. மாதிரி அச்சைப் புரட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அன்று முதல் இரண்டு வழக்கங்கள் வைத்திருக்கிறேன். முதலாவது எழுதும்போதே செய்வது. பட்டியலின் முன்வரியை அதனளவில் முடிந்த வாக்கியமாக்கிவிடுவேன்: 'பின்வரும் பொருட்களை இந்த இயந்திரத்தில் போட வேண்டாம்.' அதன் கீழ் வெறும் 'கம்பளி ஆடைகள்'. நடை கொஞ்சம் அரசாங்க அறிவிப்பு போலத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு துண்டும் எங்கே போய் உட்கார்ந்தாலும் பொய் சொல்லாது.

இரண்டாவது, சூழலைப் பார்ப்பது. நல்ல மென்பொருட்கள் ஒரு துண்டோடு அதற்கு முன்னும் பின்னும் இருந்த துண்டுகளையும் நினைவில் வைக்கின்றன. அக்கம்பக்கமும் அப்படியே இருந்தால் அது சூழல் பொருத்தம். சில மென்பொருட்கள் இதற்கு 101 சதவீதம் என்றே போடுகின்றன. அவற்றைப் பூட்டலாம். அக்கம்பக்கம் மாறிய வெறும் 100 சதவீதத்தை, அதிலும் ஓரிரு சொல்லே உள்ள துண்டுகளை, கூலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்துவிடுவேன். 'டிரெய்ன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் உதிரிபாகங்களின் படத்தில் வடிகுழாய். சலவை முறைகளின் பட்டியலில் நீரை வெளியேற்றுதல். நீண்ட வாக்கியம் இப்படி இரண்டு பொருள் தருவது அபூர்வம்.

அரைகுறைப் பொருத்தத்தில் ஆபத்து வேறு மாதிரி. 'வடிகட்டியை மாதம் ஒரு முறை வெந்நீரில் கழுவலாம்' என்ற வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 11 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வடிகட்டி வெந்நீரைத் தாங்காது. ஆகவே 'கேன்' என்ற சொல் 'கேனாட்' ஆகிறது. மாறியது ஒரு சொல். 11-இல் 10 அப்படியே இருப்பதால் ஏறக்குறைய 91 சதவீதம் என்று மதிப்பெண் விழுகிறது. தமிழிலோ 'கழுவலாம்' போய் 'கழுவக்கூடாது' வரவேண்டும், அறிவுரை தலைகீழாகிவிட்டது. இதே 91 ஒரு காற்புள்ளிக்கோ, 'பொத்தான்' ஒருமையிலிருந்து பன்மையானதற்கோ விழுந்திருக்கலாம். எத்தனை சொல் மாறியது என்பதைத்தான் மதிப்பெண் சொல்கிறது. மதிப்பெண் உயர உயரக் கண் சோம்பேறியாகிறது. நிறம் போட்ட சொல்லை முதலில் பார்த்துவிட்டுத்தான் தமிழைப் படிக்கவேண்டும்.

சில சமயம் நேர் எதிராகவும் நடக்கும். பத்துப் பக்கம்தான் மாறியது என்பார்கள். பொருத்தக் கணக்கை ஓட்டினால் பாதிக்கு மேல் புதியது என்று காட்டும். அப்போது கையேட்டை எழுதியவரைச் சந்தேகிக்காமல் கோப்பைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப்-இலிருந்து உரையை உருவியிருப்பார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு வரிமுறிவு விழுந்து, வாக்கியங்கள் நடுவில் அறுந்திருக்கும். அறுந்த துண்டுக்கு நினைவகத்தில் ஜோடி ஏது? மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகத் தலைவலி தந்தது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு முடிந்து, பக்கம் அமைத்து, பிடிஎஃப் ஆன பிறகு நிறுவனத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் அதைப் பார்ப்பார். 'விசை வேண்டாம், பொத்தான் என்று போடுங்கள்' என்று ஓரத்தில் குறித்து அனுப்புவார். நியாயமான திருத்தம். பக்கம் அமைப்பவர் அச்சுக் கோப்பிலேயே மாற்றிவிடுவார். கையேடு வெளியாகும். நினைவகத்திலோ இன்னும் 'விசை'தான் இருக்கிறது. அடுத்த பதிப்பில் 40 இடங்களில் 'விசை' முழுப் பொருத்தமாக எழுந்து வரும். புதிதாக எழுதிய இடங்களில் 'பொத்தான்' இருக்கும். அதே மனிதர் அதே திருத்தத்தை மறுபடி எழுதி, இம்முறை கோபக் குறியும் போடுவார்.

ஆகவே இப்போது திருத்தப் பிரதியை நானே கேட்டு வாங்குகிறேன். ஒவ்வொரு திருத்தத்தையும் மென்பொருளுக்குள் போய், அந்தச் செக்மென்ட்டில் மாற்றி உறுதி செய்கிறேன். பிறகு அங்கிருந்து கோப்பை மறுபடி எடுத்துப் பக்க அமைப்புக்கு அனுப்புகிறேன். ஒரு நாள் வேலை. இதற்குத் தனியாகக் கூலி கேட்கலாம் என்று எனக்குத் தெரியவே சில ஆண்டுகள் ஆயின.