41-ஆவது நொடியில்

வணக்கம். வீட்டுப் பிள்ளைகள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "ஏ போ, ஏ போ" என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அநேகமாக வாலரண்ட் விளையாட்டாக இருக்கும். ஓர் அணிக்கு ஐந்து பேர். தாக்குகிறவர்கள் ஸ்பைக் என்கிற குண்டை ஏ, பி போன்ற இடங்களில் ஒன்றில் வைக்கப் பார்ப்பார்கள், மற்றவர்கள் தடுப்பார்கள். ரவுண்டுக்கு 100 நொடி. ஒரு சிறிய அணிக்காக அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு பக்கக் குறிப்பாக்குவது என் வேலை.

ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஸ்கோர் 9-9, நாங்கள் தடுக்கும் பக்கம். கடிகாரத்தில் 37 நொடி மிச்சமிருக்கும்போது கேப்டன், "எல்லாரும் பி-க்கு வாங்க" என்றார். ஏ பக்கம் காலியானது, ஸ்பைக் அங்கேதான் வந்தது, ரவுண்டு போனது. "கேப்டனின் தவறான முடிவு" என்று எழுதிவிட்டேன்.

நான் கேட்டது எல்லார் குரலும் ஒன்றாகக் கலந்த பதிவு. நல்லவேளை, நாங்கள் பேசும் டிஸ்கார்ட் செயலியில் கிரெய்க் என்ற பதிவு நிரலையும் ஓட விட்டிருந்தோம். அது ஒவ்வொருவர் குரலையும் தனித்தனிக் கோப்பாகத் தரும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடிகாரத்தில் 41 நொடி மிச்சமிருக்கும்போது ஏ பக்கம் நின்ற பையன் மெதுவாக, "ஸ்பைக் ஏ மெயின்ல பாத்தேன்" என்கிறான். அதே நொடியில், சற்றுமுன் செத்துப்போன இன்னொருவர், தான் எப்படிச் செத்தேன் என்று கத்திக்கொண்டிருக்கிறார். கேப்டனுக்குப் பையன் சொன்னது கேட்கவே இல்லை. அவர் காதில் விழுந்தது பி பக்கக் காலடிச் சத்தம் மட்டும். அதை வைத்துப் பார்த்தால் அவர் எடுத்தது சரியான முடிவுதான்.

குறிப்பை மாற்றி எழுதினேன்: "41: ஸ்பைக் ஏயில், தகவல் அமுங்கியது. 37: பி-க்குப் போக முடிவு, கேட்ட தகவலுக்குப் பொருத்தம். தவறு: செத்தவர் பேச்சு." அப்புறம் செத்தவர்களுக்கு ஒரு விதி வைத்தோம். எதிரி நின்ற இடம், எவ்வளவு அடித்தோம், இந்த இரண்டையும் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முடிவை எழுதும் முன், அந்த நொடியில் சொன்னவர் காதில் என்ன விழுந்திருந்தது என்று எழுதுங்கள். ரவுண்டு தோற்றதை வைத்து முடிவைத் தவறு என்று சொல்லக் கூடாது. ஜெயித்த ரவுண்டிலும் தவறான முடிவு இருக்கும், அதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று, நேரம். ஒலிப்பதிவும் வீடியோவும் ஒரே நொடியில் தொடங்காது. ஆட்டம் தொடங்கி முதல் தடுப்பு விலகும்போது ஒருவர் "திறந்தாச்சு" என்று சொல்லட்டும். அந்தச் சொல்லை வைத்து இரண்டையும் பொருத்தலாம். நான்கு நொடி பிசகினால் மேலே சொன்ன கதையே தலைகீழாகிவிடும்.

ஐந்து பேரிடமும் அனுமதி கேட்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது. பதிவு தொடங்கும் முன் கேளுங்கள். குறிப்பு எழுதியதும் ஒலியை அழித்துவிடுங்கள். வணக்கம்.