சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன மருந்துக் கடையில் 22 வருடமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். கவுண்டருக்கு வருகிறவரிடம் நாங்கள் பேசும் முதல் வாக்கியத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்ய எனக்குப் பல வருடம் பிடித்தது.

வெகு காலம் எங்கள் கடையில் எல்லோரிடமும் கேட்டது, "என்ன வேணும்?" என்பதைத்தான். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு, பக்கத்து கிளினிக்கில் இருந்து சீட்டோடு எட்டுப் பேர் வந்து நிற்கும்போது, அதற்குப் பதில் சொல்கிறவர் அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரை கேட்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. மூலத்துக்கு மருந்து, ஆணுறை, கர்ப்பம் பார்க்கிற கிட், வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை, தொடை இடுக்கில் அரிப்புக்குக் களிம்பு, இதெல்லாம் கேட்க வந்தவர் என்ன செய்வார்? தலைவலி மாத்திரை ரெண்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். எங்கள் கடையில் தேவையே இல்லாமல் விற்ற தலைவலி மாத்திரைகளில் பாதி இப்படிப் போனதாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்படி வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். வயது 25 இருக்கும். அடுத்தடுத்து ரெண்டு நாள் வந்து தலைவலி மாத்திரை வாங்கினான். மூன்றாவது நாள், "அக்கா, இந்த அரிப்புக்கு ஏதாவது…" என்று இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ரேக்கில் ஏறி நின்றிருந்த எங்கள் கடைத் தம்பி, "எங்கண்ணே அரிப்பு?" என்று கேட்டுவிட்டான். நல்ல பையன்தான், குரல்தான் கொஞ்சம் பெரியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கையில" என்றான் வந்தவன். கை அரிப்புக்கு என்ன கொடுப்பேன்? கேலமைன் லோஷன் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, கடை சாத்துகிற நேரத்தில் வந்தான். அரிப்பு கையில் இல்லை, தொடை இடுக்கில். முதலில் ஒரு காசு அளவுக்கு வட்டமாக இருந்ததாம். சிநேகிதன் சொன்னான் என்று வேறொரு கடையில் ஒரு கலவைக் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறான். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, அதோடு கடுமையான ஸ்டீராய்டு ஒன்று. மூன்றும் ஒரே டியூபில் வருவது அது. ஸ்டீராய்டு ரெண்டே நாளில் அரிப்பை அமுக்கிவிடும், ஆனால் பூஞ்சை சாகாது. மேலே சிவப்பு மறைந்திருக்கும், அடியில் அது பரவிக்கொண்டிருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். திரும்பவும் போடுவார்கள். அந்த இடத்தில் தோல் மெலிந்து, கோடுகோடாகத் தழும்பு விழும். அவனுக்கு அது இடுப்பு வரை ஏறியிருந்தது. அந்த நிலையில் கடைக்காரர் கொடுக்கிற மருந்து போதாது. பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாளே அவன் இடத்தைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பது நாலு கேள்வி. எத்தனை நாளாக இருக்கிறது? ஓரம் தடித்து வட்டமாக இருக்கிறதா? ஏற்கெனவே ஏதாவது போட்டாயா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? அப்புறம் வெறும் குளோட்ரிமசோல் களிம்பு, ஒரு சதவீதம். காலையும் இரவும், தடிப்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வரைக்கும் தடவ வேண்டும். மறைந்த பிறகும் ரெண்டு வாரம் விடக் கூடாது. துண்டு தனி, உள்ளாடையைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். அவ்வளவுதான். பூஞ்சையைக்கூட விடுங்கள், அந்தப் பையனைக் "கையில" என்று பொய் சொல்ல வைத்தது எங்கள் கடைக் கேள்வி.

சரி, மாற்றுவோம் என்று இறங்கினேன். முதலில் செய்தது எல்லாமே தப்பாகப் போனது.

கூச்சப்படுகிறவர் மாதிரி தெரிந்தால் குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். எல்லோரிடமும் சத்தமாகப் பேசுகிற நான் ஒருவரிடம் மட்டும் கிசுகிசுத்தால், வரிசையில் இருக்கிற எல்லாக் காதும் அங்கேதான் போகும். அடுத்து, "தனியாகப் பேச வேண்டுமா? சொல்லுங்கள்" என்று ஒரு பலகை வைத்தேன். ஒரே ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்பதே ஊருக்கு அறிவிப்புச் செய்வது போலத்தானே! ஆலோசனைக்குத் தனி அறை கட்டலாமே என்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி சில்லறை மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் இருந்தால் போதும். என் கடை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஃப்ரிட்ஜ் வைத்தது போக எங்கே அறை கட்ட?

பிரிட்டனில் 2021 ஜனவரியில் மருந்துக் கடைகளில் ஒரு ரகசிய வார்த்தை கொண்டுவந்தார்கள். வீட்டில் அடி, உதைக்கு ஆளாகிறவர்கள் கவுண்டரில் வந்து "ஆனி" என்று கேட்டால் உள்ளே அழைத்துப் போய் உதவ வேண்டும் என்பது திட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அவர்களுடைய சிக்கலுக்கு. ரகசிய வார்த்தை வேலை செய்ய வேண்டுமென்றால் வருகிறவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூலத்துக்கு மருந்து வாங்க வந்தவருக்கு யார் போய்ச் சொல்லி வைப்பது?

கடைசியில் பிடிபட்டது இதுதான். கூச்சப்படுகிறவரை நாம் அடையாளம் காணவே கூடாது. எல்லோருக்கும் ஒரே வரவேற்பு. இப்போது எங்கள் கடையில் யார் வந்தாலும், "வாங்க. சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி, போனில் காட்டினாலும் சரி" என்போம். பி.பி. மாத்திரைக்கு வருகிறவர், குழந்தைக்கு இருமல் மருந்து கேட்பவர், எல்லோருக்கும் அதேதான். முதல் வாரம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், "என்னம்மா, பரீட்சையா?" என்று. ரெண்டாவது வாரம் யாரும் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்காமல் போனதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கவுண்டரில் உள்ளங்கை அளவுச் சீட்டுக் கட்டு ஒன்று, நூலில் கட்டிய பேனா ஒன்று. மருந்துப் பெயர் வாயில் நுழையாதவர்களும் எழுதுகிறார்கள், பழைய அட்டையைப் போட்டோ பிடித்து வந்தவர்களும் காட்டுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் கர்ப்பக் கிட் கேட்கிற பெண்ணும் ஒருத்தி, அவ்வளவுதான்.

எழுத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. கையெழுத்து புரியாமல் வேறு மருந்து போய்விடலாம். சத்தமாகப் படித்துச் சரிபார்த்தால் சீட்டு எழுதியதற்கே அர்த்தம் இல்லை. அதனால் பெட்டியைக் கவுண்டருக்கு உள்பக்கம் சாய்த்து வைத்துப் பெயரின் மேல் விரலை வைப்பேன். அவர் தலையாட்டினால்தான் கவரில் போடுவேன். எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதுவேன். கிட் என்றால், "காலையில் முதல் சிறுநீர். ஒரு கோடு மட்டும் வந்து, நாள் இன்னும் தள்ளிப்போனால் நாலைந்து நாளில் மறுபடி பார்க்கவும்" என்று. விற்க முடியாததையும் சீட்டிலேயே சொல்லிவிடலாம். "இதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்" என்று எழுதித் தள்ளினால், எட்டுப் பேர் முன்னால் மறுத்த மாதிரி ஆகாது. பிறகு சீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். கடைக் குப்பையில் கிடக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களைக் கவுண்டரின் கோடிக்கு, ஃப்ரிட்ஜ் பக்கம் நாற்காலி போட்டிருக்கிற இடத்துக்கு, "இப்படி உக்காருங்கம்மா, நிக்க வேணாம்" என்று கூப்பிடுவேன். உட்கார வைப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தமும் ஒரு உதவி.

கடைத் தம்பியைப் பழக்குவதுதான் நெடுநாள் எடுத்தது. "அக்கா, நாப்கின் எக்ஸ்எல் தீந்துபோச்சு!" என்று உள்ளிருந்து கத்தினால் மேலே சொன்ன எல்லாம் வீண். இப்போது ரேக்குகளுக்கு எண் போட்டிருக்கிறோம். "மூணு நாலு" என்பேன், மூன்றாவது ரேக், நாலாவது தட்டில் இருப்பதை எடுத்து வருவான். சுண்ணாம்பு மாத்திரைக்கும் எண்தான். இன்னொரு ஓட்டையை ஒரு வாடிக்கையாளர் திட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். பில் போடும்போது போன் நம்பர் கேட்போம், பில் அந்த நம்பருக்கு மெசேஜாகப் போகும். அவர் கொடுத்திருந்தது அவருடைய அப்பா நம்பர்! மருந்துப் பெயரோடு பில் அப்பாவுக்குப் போய்விட்டது. இப்போது, "நம்பர் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுத்தான் போடுகிறோம்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எட்டு வருடமாக பி.பி. மாத்திரை வாங்குகிற ஒரு பாட்டி. எப்போதும் காலி அட்டையை நீட்டுவார். அன்றைக்கு அட்டையை நீட்டிவிட்டுப் பேனாவையும் எடுத்தார். ஐந்தாம் வகுப்பு எழுத்தில் மெதுவாக எழுதினார்: "ராத்திரி அடக்க முடியவில்லை. துணி மாற்ற வேண்டியிருக்கு." அட்டையைப் பார்த்தேன். பி.பி. மருந்தோடு, நீர் பிரிக்கிற மருந்தும் சேர்ந்த மாத்திரை. பின்பக்கம் எழுதினேன்: "எப்போது போடுகிறீர்கள்?" "படுக்கும்போது" என்று பதில். "காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பி.பி. மாத்திரை பத்து நாளைக்கு மட்டும் குடும்மா. டாக்டரைப் பாத்துட்டு வந்து மிச்சம் வாங்கிக்கிறேன்."

நன்றி, வணக்கம்.