பில்லு மட்டும் இருக்கு, எஸ்டிமேட் இல்ல: பழைய ரேட்டைப் பின்னாடியிருந்து பிரிச்சு புது டெண்டர் போட்ட கதை

வணக்கமுங்க எல்லாருக்கும். பட்டறையில கட்டிங் மெஷின் ஓடிட்டிருக்கு, பின்னாடி சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. போன வாரம் ஒரு கொட்டேஷன் போட்டேன், அதுல ஒரு முழு சாயந்திரம் போயிருச்சு, ஆனா அந்தக் கணக்கை உங்களுக்குக் காட்டியே ஆகணும்னு தோணுச்சு. கமெண்ட்ல பி.காம் பசங்க நெறைய பேரு காஸ்ட் ஷீட்ல விடுபட்ட தொகையைக் கண்டுபிடிக்கறது புரியலன்னு கேக்கறீங்க, அதே கணக்குதான் இது, நெசமான வேலையில வந்துச்சு.

விஷயம் என்னன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்கூலுக்கு 48 டெஸ்க் பெஞ்ச் செஞ்சு குடுத்தோம். இப்ப அதே ஸ்கூல், அதே அளவு, அதே டிசைன், இன்னொரு 48 செட்டுக்கு சீல் வெச்ச கவர்ல ரேட் கேட்டிருக்காங்க. பழைய எஸ்டிமேட் நோட்டு மழையில நனைஞ்சு போச்சுங்க, எழுத்தெல்லாம் கரைஞ்சிருச்சு. கையில இருந்தது பில்லோட காப்பி, இரும்பு, பிளைவுட் வாங்குன பில்லு, பவுடர் கோட்டிங் பண்ணவருக்குக் குடுத்த பில்லு. கூலி எவ்வளவு ஆச்சுங்கறது மட்டும் எங்கயுமே இல்ல. கூலி தெரியாம புது ரேட் போட முடியாது, ஏன்னா எத்தனை ஆள் நாள் புடிச்சதுன்னு அதுலதான் தெரியும்.

சரி, முதல்ல முன்பக்கமா எப்படி ரேட் போடறோம்னு சொல்லிடறேன், அப்பதான் பின்னாடி போக வழி தெரியும். மெட்டீரியல், கூலி, அந்த வேலைக்குன்னே நேரடியா ஆகற செலவு, எங்களுக்கு அது வெளியில குடுக்கற பவுடர் கோட்டிங், இந்த மூணையும் கூட்டுனா ப்ரைம் காஸ்ட். பட்டறை வாடகை, கரண்ட், வெல்டிங் மெஷின் ரிப்பேர், டிரில் பிட்டு, இதெல்லாம் இந்த டெஸ்குக்கு இவ்வளவுன்னு பிரிக்க முடியாது இல்லையா, அதுக்குத்தான் ப்ரைம் காஸ்ட் மேல ஒரு பெர்சன்டேஜ் போடறோம். அது ஃபேக்டரி ஓவர்ஹெட். அதைச் சேர்த்தா வர்றது ஒர்க்ஸ் காஸ்ட். அந்த ஒர்க்ஸ் காஸ்ட் மேல, ப்ரைம் காஸ்ட் மேல இல்ல, ஆஃபீஸ் ஓவர்ஹெட், அதாவது ஆடிட்டர் ஃபீஸ், போன், கணக்கு எழுதற பொண்ணு சம்பளம். அப்ப மொத்த அடக்கம் வந்துரும். டெலிவரி செலவுன்னு ஒரு லைன் வரணும், ஆனா இந்த ஸ்கூல் அவங்க வண்டியிலயே எடுத்துக்கிட்டாங்க, அதனால இங்க அது இல்ல. கடைசியில லாபம்.

இந்த பெர்சன்டேஜ் எங்கிருந்து வருதுன்னா, அந்த வருஷக் கணக்குலருந்து எடுக்கணும். அந்த வருஷம் எங்களுக்கு மெட்டீரியல் 5,60,000, கூலி 4,00,000, வெளி வேலை 40,000, ஆக ப்ரைம் காஸ்ட் 10,00,000. ஃபேக்டரி செலவு 2,00,000, அதாவது 20 சதவீதம். ஒர்க்ஸ் காஸ்ட் 12,00,000 ஆச்சா, ஆஃபீஸ் செலவு 1,20,000, அது 10 சதவீதம். அடக்கம் 13,20,000. விற்பனை 16,50,000, லாபம் 3,30,000.

இந்த லாபத்துலதான் எல்லாரும் வழுக்கறாங்க. 3,30,000 லாபம் எத்தனை சதவீதம்? விற்பனை மேல பார்த்தா 20, அடக்கத்து மேல பார்த்தா 25. ரெண்டும் ஒரே காசுதான். ஆனா "நமக்கு 20 பெர்சன்ட் லாபம்" னு வாயில சொல்லிட்டு, டெண்டர் போடறப்ப அடக்கத்து மேல 20 போட்டீங்கன்னா, 13,20,000 மேல 2,64,000 தான் வரும், 66,000 விட்டுட்டீங்க. கேள்வித்தாள்லயும் இதேதான், விலை மேலயா அடக்கத்து மேலயான்னு அந்த ஒரு வார்த்தையை ரெண்டு தடவை படிங்க. இன்னொண்ணு, பேங்க் லோன் வட்டியும் வருமான வரியும் இந்தக் கணக்குக்குள்ள வரவே வராது. அதெல்லாம் அந்த லாபத்துலருந்துதான் கட்டணும், அதனால லாபம் முழுக்க நம்ம கைக்கு வருதுன்னு நெனச்சு ரேட்டைக் குறைச்சுராதீங்க.

இப்ப இதை 100 ரூபாய வெச்சு பாருங்க. ப்ரைம் காஸ்ட் 100. ஃபேக்டரி 20 சேர்த்தா 120. அதுல 10 சதவீதம் 12, ஆக 132. அதுல கால்பங்கு லாபம் 33, விலை 165. அவ்வளவுதான். 165 ரூபாய்க்கு வித்திருந்தா உள்ள ப்ரைம் காஸ்ட் 100 இருந்திருக்கு. இந்த 165 கையில கெடச்சுருச்சுன்னா பழைய பில்லைத் தெறந்துரலாம்.

பில்லு மொத்தம் 3,11,520. ஆனா அதுல 18 சதவீதம் ஜி.எஸ்.டி இருக்கு, மொதல்ல அதை எடுக்கணும். எங்க கொழுந்தனார் பையன் பி.காம் ரெண்டாவது வருஷம், பக்கத்துல உக்காந்திருந்தான், டக்குனு 18 சதவீதம் கழிச்சுட்டான். அப்படி கழிக்கக் கூடாதுங்க. வரியைச் சின்ன தொகை மேல போட்டோம், இப்ப பெரிய தொகையிலருந்து அதே சதவீதத்தைக் கழிச்சா அதிகமா கழிஞ்சுரும். 1.18 ஆல வகுக்கணும். வகுத்தா 2,64,000, அதாவது ஒரு செட்டு 5,500 ரூபா. இதுதான் எங்க விலை.

லாபம் விலை மேல 20 சதவீதம், இதை மட்டும் விலையிலருந்து நேரா கழிக்கலாம், ஏன்னா விலை மேலதான் கணக்கு போட்டது. 52,800 போக 2,11,200 அடக்கம். இதுக்குள்ள ஆஃபீஸ் ஓவர்ஹெட் இருக்கு. 100க்கு 10 சேர்த்து 110 ஆனது, அதனால 110ல 10, அதாவது பதினொண்ணுல ஒரு பங்கு எடுக்கணும், 19,200. மிச்சம் 1,92,000 ஒர்க்ஸ் காஸ்ட். அதுக்குள்ள ஃபேக்டரி ஓவர்ஹெட், 120ல 20, ஆறுல ஒரு பங்கு, 32,000. மிச்சம் 1,60,000. ப்ரைம் காஸ்ட் வந்துருச்சு. நேரா 2,64,000ஐ 1.65 ஆல வகுத்தாலும் அதே 1,60,000 தான்.

மெட்டீரியல் பில்லு 1,06,000, பவுடர் கோட்டிங் 12,000, ரெண்டும் 1,18,000. ஆக கூலி 42,000. அப்ப எங்க பட்டறையில ஒரு ஆள் நாள் சராசரி 700 ரூபா, வகுத்தா சரியா 60 ஆள் நாள்.

தம்பி அவன் வழியிலயும் போட்டுப் பார்த்தான். 2,11,200ல 10 சதவீதம் கழிச்சு 1,90,080, அதுல 20 சதவீதம் கழிச்சு 1,52,064. அப்ப கூலி 34,064 வருது. அதை 700 ஆல வகுத்தா 48 நாளும் சொச்சமும், முழுசாவும் வரல, அரை நாளாவும் வரல. கூலி நாங்க முழு நாள், அரை நாள்னுதான் குடுப்போம், அதனால அங்கயே எனக்கு உறுத்துச்சு. அதைவிட உறுதியான சோதனை ஒண்ணு இருக்கு, வந்த ப்ரைம் காஸ்ட்டை வெச்சு திரும்ப மேல ஏறிப் பாருங்க. 1,52,064 மேல 20, அப்புறம் 10 போட்டா 2,00,724 சொச்சம்தான் வருது, 2,11,200 வரல. என்னோட 1,60,000 மேல ஏறுனா பைசா மாறாம வந்து நிக்குது. பரீட்சையிலயும் இந்த ஏறிப்பாக்கறதை விட்டுராதீங்க, ஒரு நிமிஷ வேலை.

இப்ப புது ரேட். இங்க நான் ஒரு எடத்துல நின்னு யோசிச்சேன். பழைய பில்லைப் பிரிக்கறதுக்கு அந்த வருஷ பெர்சன்டேஜ்தான் வேணும், ஆனா புது விலைக்கு அதே 20ஐ போடக் கூடாது. பட்டறை வாடகை ஏறிருச்சு, கரண்ட் பில்லும் ஏறிருச்சு, இந்த வருஷக் கணக்குல ஃபேக்டரி செலவு ப்ரைம் காஸ்ட்டுல 25 சதவீதம் வருது. வேலை குறைஞ்சாலும் இந்த சதவீதம் ஏறும், அதையும் கவனிங்க. பழைய 2,00,000 ஃபேக்டரி செலவுல வாடகை மாதிரி அசையாத செலவு 1,50,000னு வைங்க, ப்ரைம் காஸ்ட் 6,00,000க்கு எறங்குனா மீதி 50,000 தான் 30,000 ஆகும், மொத்தம் 1,80,000, அது 30 சதவீதம் ஆயிருது. பழைய 20ஐயே போட்டுட்டிருந்தா வாடகையை நம்ம கையிலருந்து கட்டிட்டிருப்போம்.

அதே 60 ஆள் நாள், இப்ப நாளுக்கு 800, கூலி 48,000. இன்னைக்கு ரேட்டுல மெட்டீரியல் 1,18,000, பவுடர் கோட்டிங் 14,000. ப்ரைம் காஸ்ட் 1,80,000. ஃபேக்டரி 25 சதவீதம் 45,000, ஒர்க்ஸ் காஸ்ட் 2,25,000. ஆஃபீஸ் இன்னும் 10தான், 22,500, அடக்கம் 2,47,500. விலை மேல 20 லாபம் வேணும்னா அடக்கத்துல கால்பங்கு, 61,875. விலை 3,09,375, வரி தனி. பழைய 20ஐ போட்டிருந்தா 2,97,000 வந்திருக்கும், 12,375 ரூபா குறைச்சு எழுதியிருப்பேன்.

இதுல எனக்கு ஒரு மனசுக்கு ஒப்பாத விஷயம் இருக்குங்க, சொல்லிடறேன். ப்ரைம் காஸ்ட் மேல பெர்சன்டேஜ் போடறப்ப மெட்டீரியல் விலையும் உள்ள சேருது. இதே டெஸ்க்கை சாதா இரும்புக்குப் பதிலா எஸ்.எஸ்ல கேட்டு மெட்டீரியல் 1,00,000 கூடுச்சுன்னு வைங்க, ஃபேக்டரி ஓவர்ஹெட் மட்டும் 25,000 தானா ஏறிரும். ஆனா வாடகையும் மெஷின் ஓடற நேரமும் அவ்வளவு ஏறாது. அப்ப நம்ம ரேட் எகிறி வேலை கைவிட்டுப் போயிரும். அந்த மாதிரி வேலைக்கு நான் கூலி மேல போடறேன். பழைய கணக்குலயே பாருங்க, 2,00,000 ஃபேக்டரி செலவு, 4,00,000 கூலி, கூலி மேல 50 சதவீதம். அதைப் பின்னாடி பிரிக்கறப்ப மட்டும் வகுக்கற எண்ணு மாறும், ஒர்க்ஸ் காஸ்ட்டுலருந்து மொதல்ல மெட்டீரியலையும் வெளி வேலையையும் கழிச்சுட்டு, மிச்சத்தை 1.5 ஆல வகுத்தா கூலி. ஆறுல ஒரு பங்குங்கற வழி அங்க ஓடாது. எங்க ஸ்கூல் டெஸ்க்கு ரெண்டு தடவையும் அதே இரும்பு, அதே பிளைவுட், அதனால ப்ரைம் காஸ்ட் மேலயே போட்டேன்.

கவர் திங்கக்கிழமை குடுத்தாச்சு, செட்டுக்கு 6,446 ரூபான்னு எழுதியிருக்கேன், பிரிக்கறது இருபதாம் தேதி. கூட எஸ்டிமேட் ஷீட்டை இந்த தடவை போட்டோ எடுத்து போன்ல வெச்சிருக்கேன், அதுல ஆள் நாள் 60ன்னு பெருசா எழுதி வட்டம் போட்டிருக்கேன்.