ஐந்து மாம்பழம், மூன்று கூடை

நேயர்களுக்கு வணக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கம் தமிழ் வழியில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சின்ன அட்டவணை போட வேண்டியிருக்கும்.

முதலமடை மாந்தோப்பிலிருந்து ஐந்து பழம் வந்திருக்கிறது: அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், காலாப்பாடி, மல்கோவா. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். கூடைகள் மூன்று. மூன்றும் ஒரே மாதிரி, பெயரோ நிறமோ அடையாளமோ இல்லை. எந்தக் கூடையும் காலியாக இருக்கக் கூடாது. கூடைக்குள் எது மேலே, எது கீழே என்பது கணக்கில் வராது. ஐந்து பழத்தையும் எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

பாடப் பேச்சில் சொன்னால், ஐந்து உறுப்புள்ள ஒரு கணத்தை மூன்று வெறுமையற்ற கூறுகளாகப் பிரிக்கிறோம். இந்த எண்ணிக்கைக்கு இரண்டாம் வகை ஸ்டர்லிங் எண் என்று பெயர். S(5, 3) என்று எழுதுவோம்.

பலரும் போடும் வழி ஒன்று உண்டு. எந்தக் கூடையும் காலியாகக் கூடாது அல்லவா, முதலில் மூன்று பழத்தைத் தேர்ந்து கூடைக்கு ஒன்றாகப் போட்டுவிடுவோம். அதற்கு 10 வழி. மீதி இரண்டு பழமும் எந்தக் கூடைக்கும் போகலாம், மூன்று பெருக்கல் மூன்று, 9 வழி. ஆக 90. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் விடை தவறு.

ஏன் என்று ஒரு பிரிப்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஒரு கூடை, செந்தூரமும் காலாப்பாடியும் ஒரு கூடை, மல்கோவா தனிக்கூடை. முதல் கூடையில் முதலில் விழுந்தது அல்போன்சாவா, பங்கனப்பள்ளியா? இரண்டும் நடக்கலாம். அடுத்த கூடையிலும் அப்படியே. ஆக இந்த ஒரே பிரிப்பை அந்த வழி 4 தடவை எண்ணிவிட்டது. மூன்று பழம் ஒன்றாகவும் மற்ற இரண்டும் தனித்தனியாகவும் இருக்கும் பிரிப்பை 3 தடவை எண்ணியிருக்கிறது. ஒன்றை நான்கு தடவை, இன்னொன்றை மூன்று தடவை எண்ணியதால், 90ஐ ஏதோ ஓர் எண்ணால் வகுத்துச் சரிசெய்துவிடவும் முடியாது.

சரி, கூறுகளின் அளவை வைத்தே எண்ணிப் பார்ப்போமே. மூன்று, ஒன்று, ஒன்று என்று பிரிந்தால் 10 விதம். இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரிந்தால், தனியாக நிற்கும் பழத்துக்கு 5 வழி, மீதி நான்கை இரண்டு ஜோடியாக்க 3 வழி, 15 விதம். மொத்தம் 25. இதுதான் சரியான விடை. பத்துப் பழத்தை நான்கு கூடையில் போடச் சொன்னால் இந்த வழி கையை நோகடித்துவிடும். அதற்குத்தான் முந்தைய எண்களிலிருந்து அடுத்த எண்ணைப் பெறும் மறுநிகழ் தொடர்பு.

கடைசியாக வருவது மல்கோவா என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கு பழமும் முன்பே கூடையில் இருக்கின்றன. மல்கோவாவுக்கு இரண்டே கதிதான். ஒன்று, தனிக்கூடையில் உட்காரும். அப்படியானால் மற்ற நான்கும் இரண்டு கூடையை நிரப்பியிருக்க வேண்டும், அதற்கு 7 வழி. இல்லையென்றால், ஏற்கெனவே பழம் இருக்கும் கூடையில் போய்ச் சேரும். அப்போது நான்கு பழமும் மூன்று கூடையை நிரப்பியிருக்கும், அதற்கு 6 வழி. அந்த ஒவ்வொன்றிலும் மல்கோவா சேர 3 இடம், ஆக 18. பதினெட்டும் ஏழும் 25.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். கூடைகள் ஒரே மாதிரி என்றோமே, பிறகு எப்படி மூன்று இடம்? காலிக்கூடைகளைத்தான் பிரித்தறிய முடியாது. பழம் விழுந்த பிறகு ‘செந்தூரம் இருக்கிற கூடை’ என்று சுட்டிச் சொல்லலாமே. உள்ளே இருக்கும் பழமே கூடைக்கு அடையாளம். இரண்டு தடவை எண்ணிவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். முடிந்த பிரிப்பு எதிலிருந்தும் மல்கோவாவை எடுத்துவிடுங்கள். கூடை காலியானால் முதல் வகை, காலியாகாவிட்டால் இரண்டாம் வகை. நடுவில் எதுவும் இல்லை.

பொதுவாக எழுதினால் இப்படி வரும்:

S(n, k) = k × S(n−1, k) + S(n−1, k−1)

தாளில் சொல்வதானால்: நேர்மேலே இருக்கும் எண்ணை அந்தப் பத்தியின் எண்ணால் பெருக்கு, இடப்பக்கம் மேலே இருப்பதைக் கூட்டு. எண் இல்லாத இடத்தை 0 என்று வைத்துக்கொள். இப்போது எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரி: 1. இரண்டாம் வரி: 1, 1. மூன்றாம் வரி: 1, 3, 1. நான்காம் வரி: 1, 7, 6, 1. ஐந்தாம் வரி: 1, 15, 25, 10, 1.

கை தவறுவது பெரும்பாலும் பெருக்கும் இடத்தில்தான். நேர்மேலே இருக்கும் 6ஐ மூன்றால் பெருக்குவதற்குப் பதில், இடப்பக்கத்து 7ஐ மூன்றால் பெருக்கி 6ஐக் கூட்டுவார்கள். 27 வந்துவிடும். பார்த்தால் நம்பும்படியான எண்தான். ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று கூடைக்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் பூசிவிடுங்கள், காலியாக இருக்கவும் அனுமதியுங்கள். ஒவ்வொரு பழத்துக்கும் 3 வழி, ஐந்து பழத்துக்கு மூன்றின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 243. இதையே நம் வரியிலிருந்தும் பெறலாம். ஒரே கூடையில் எல்லாம் என்றால் 1 பிரிப்பு, நிறத்துக்கு 3 வழி: 3. இரண்டு கூடை என்றால் 15 பிரிப்பு, இரண்டு நிறத்தை முறைப்படி கொடுக்க 6 வழி: 90. மூன்று கூடை என்றால் 25 பிரிப்பு, 6 வழி: 150. கூட்டினால் 243, சரியாக நிற்கிறது. 27 என்று போட்டிருந்தால் 255 வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் 1730இல் இந்த எண்களை அட்டவணை போட்டதும் இப்படி அடுக்குகளைப் பிரித்து எழுதும் வேலைக்காகத்தான்.

இன்னொரு தவறு, ஒரே வரியை அழித்து அழித்து எழுதுகிறவர்களுக்கு வரும். கணினியில் நிரல் எழுதும் மாணவர்களுக்கும் இதேதான். மூன்றாம் வரி 1, 3, 1. இதையே நான்காம் வரியாக மாற்ற இடமிருந்து தொடங்கினால் இரண்டாவது எண் 7 ஆகும், சரி. மூன்றாவதுக்குப் போகும்போது பழைய 3 அழிந்துபோய் 7 நிற்கிறது. மூன்று பெருக்கல் ஒன்று, கூட்டல் ஏழு, 10 என்று வரும். வர வேண்டியது 6. அதைவிட மோசம், கடைசி எண்ணும் 10 ஆகிவிடும். நான்கு பழம் நான்கு கூடைக்கு ஒரே வழிதானே, கடைசி எண் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும். அது 1 இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக எழுதிவந்தால் இந்தச் சிக்கலே இல்லை, தேவைப்படும் பழைய எண் அழியாமல் இருக்கும்.

ஐந்தாம் வரியைக் கூட்டினால் 52. கூடை எத்தனை என்ற கட்டுப்பாடே இல்லாமல் ஐந்து பழத்தைப் பிரிக்கும் மொத்த வழி அது. ஜப்பானில் ஐந்து நறும்புகைகளை முகர்ந்து எதெது ஒன்று என்று சொல்லும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு வரைந்து வைத்திருக்கும் குறிகளும் சரியாக 52.

இப்போது ஆறாவதாக ஒரு கிளிமூக்கு மாம்பழம் வருகிறது, கூடை மூன்றேதான். நேர்மேலே 25, மூன்றால் பெருக்கினால் 75. இடப்பக்கம் மேலே 15. ஆக 90. நாம் முதலில் ஐந்து பழத்துக்குத் தவறாகப் போட்ட அதே 90. இது வெறும் தற்செயல்தான். அந்த வழியையே ஆறு பழத்துக்குப் போட்டுப் பாருங்கள், 540 வரும்.