வெளியே வந்தும் விடுபடாத வைரஸ்

அவையோருக்கு வணக்கம்.

காய்ச்சல் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, "வைரஸைக் கொல்லும் மாத்திரை" என்று சொல்லிவிடுகிறோம். ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் எந்த வைரஸையும் கொல்வதில்லை. செல்லுக்குள் வைரஸ் பெருகுவதையும் அது தடுப்பதில்லை. புதிதாகப் பிறந்த வைரஸ், தான் பிறந்த செல்லை விட்டு நகர முடியாமல் செய்கிறது, அவ்வளவுதான். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை 1941-இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்ற ஆய்வாளர் கோழிமுட்டைக் கருவில் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். முட்டைத் திரவத்தில் இரத்தம் கலந்தபோது, சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டதைக் கண்டார். வைரஸ்தான் அவற்றை ஒட்டவைத்தது. அதைவிட வியப்பானது அடுத்து நடந்தது. உடல் வெப்பத்தில் வைத்திருந்தபோது சில மணி நேரத்தில் வைரஸ் தானாகவே அணுக்களை விட்டுக் கழன்றுகொண்டது. அதே அணுக்களுடன் மீண்டும் வைரஸைச் சேர்த்தால் இம்முறை ஒட்டவில்லை. போகும்போது அணுவின் மேலிருந்த ஏதோ ஒன்றை வைரஸ் அழித்துவிட்டுப் போயிருந்தது. அழிக்கும் அந்த நொதியைத்தான் பின்னாளில் நியூராமினிடேஸ் என்று அழைத்தார்கள்.

எச்1என்1 என்ற பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள எச் என்பது ஹீமகுளூட்டினின்; என் என்பது நியூராமினிடேஸ். இரண்டும் வைரஸின் மேற்பரப்பில் முட்களைப் போல நிற்கும் புரதங்கள். நம் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கும். எச் அதைப் பற்றிக்கொள்வதால்தான் வைரஸ் உள்ளே நுழைகிறது. நியூராமினிடேஸோ அதே சியாலிக் அமிலத்தை நறுக்கி எடுக்கிறது.

ஒட்டுவதற்கு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று. எதற்கு இந்த முரண்பாடு? பலாப்பழம் அறுத்தவர்களுக்கு விளங்கும். பால் கையில் ஒட்டினால் ஒரு சுளையைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. அதனால்தான் முதலில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். உள்ளே நுழைய வைரஸுக்கு ஒட்டும் தன்மை வேண்டும். ஆனால் ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து, அதே செல்லின் தோலைப் போர்த்திக்கொண்டு புதிய வைரஸ்கள் மொட்டு மொட்டாக வெளியே வரும்போது, அந்த ஒட்டுதலே தடையாகிறது. செல்லின் மேல் முழுக்கச் சியாலிக் அமிலம். வைரஸ்களின் சொந்தப் புரதங்களிலும் சியாலிக் அமிலம். பலாப்பழத்துக்கு எண்ணெய் செய்யும் வேலையை இங்கே நியூராமினிடேஸ் செய்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 1974-இல் பீட்டர் பலீஸும் உடன் ஆய்வாளர்களும், சூடு கூடினால் நியூராமினிடேஸ் செயலிழந்துபோகும் திரிபு வைரஸ்களை எடுத்து ஆராய்ந்தார்கள். வைரஸ்கள் பிறந்தன, ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றோடொன்று பிணைந்து திரள் திரளாகக் கிடந்தன. ஒசெல்டாமிவிர் செயல்படும்போது நடப்பதும் இதே காட்சிதான்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். நியூராமினிடேஸ் காளான் வடிவில் இருக்கும். நான்கு ஒத்த துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு குழி. சியாலிக் அமிலம் அந்தக் குழிக்குள் விழுந்ததும், அதன் வளையம் சற்றுத் தட்டையாக வளைகிறது. அந்த நொடியில்தான் வெட்டு விழுகிறது. வளைந்த அந்த வடிவத்தைப் போன்ற ஒரு மூலக்கூற்றைச் செய்து குழிக்குள் வைத்துவிட்டால், நொதி அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் வெட்ட அங்கே எதுவும் இருக்காது. 1983-இல் ஆஸ்திரேலியாவில் இந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவம் தெரியவந்த பிறகு, அதைப் பார்த்துப் பார்த்தே சனாமிவிர் என்ற மருந்தை அங்கே வடித்தார்கள். ஆனால் அது நீரை விரும்பும் மூலக்கூறு. குடல் அதை உறிஞ்சாது. பொடியாக மூச்சில் இழுக்கவேண்டியிருந்தது.

விழுங்கும் மாத்திரையாக வேண்டும் என்று கிலியட் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் மெனக்கெட்டார்கள். சியாலிக் அமிலத்தில் நீரை விரும்பும் ஒரு வால் உண்டு. அதை நீக்கிவிட்டு, எண்ணெய்த் தன்மையுள்ள கிளையொன்றை வைத்தார்கள். குடலைக் கடக்க இன்னொரு மூடியும் போட்டார்கள். கல்லீரலில் உள்ள நொதி அந்த மூடியைக் கழற்றிய பிறகே மருந்து வேலை செய்யத் தொடங்கும். இப்படிப் பிறந்த ஒசெல்டாமிவிர் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதைச் செய்யத் தேவையான சிக்கிமிக் அமிலத்தை முதலில் எடுத்தது நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து. அதனால் அன்னாசிப்பூக் கஷாயம் ஃப்ளூவைத் தடுக்கும் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள்; சிக்கிமிக் அமிலம் மூலப்பொருள் மட்டுமே, பல வேதிவினைகளைக் கடந்த பிறகே அது மருந்தாகிறது.

அந்த எண்ணெய்க் கிளைதான் மருந்தின் வலிமை. அதன் பலவீனமும் அதுதான். குழிக்குள் அந்தக் கிளைக்கு இயல்பாக இடம் கிடையாது. நியூராமினிடேஸ் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் 276-ஆம் இடத்திலுள்ள குளூட்டமிக் அமிலம் ஒதுங்கித் திரும்பி வழிவிட வேண்டும். அதற்கு இரண்டு இடம் முன்னால், 274-இல், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அந்த ஒரே ஒரு ஹிஸ்டிடின், உருவில் பெரிய டைரோசினாக மாறிவிட்டால், குளூட்டமிக் அமிலத்தால் ஒதுங்க முடியாது; மருந்து சரியாக உட்காராது. ஆனால் உண்மையான சியாலிக் அமிலத்துக்கு யாரும் ஒதுங்கவே வேண்டாம். அது எப்போதும்போல உள்ளே விழுந்து வெட்டுப்படும். சனாமிவிருக்கும் சியாலிக் அமிலத்தின் அதே நீரை விரும்பும் வால் இருப்பதால் அதுவும் தொடர்ந்து பலிக்கும். இயற்கையான சர்க்கரையிலிருந்து மருந்து விலகிய அதே இடத்தில்தான் வைரஸுக்குத் தப்பும் வழி கிடைத்தது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்றுதான் பலர் நினைத்தார்கள். அந்த மாற்றம் பெற்ற வைரஸ் நலிந்தது, பரவாது என்று ஆய்வகங்கள் சொல்லிவந்தன. 2008 சனவரியில் நார்வேயிலிருந்து செய்தி வந்தது: பருவகால எச்1என்1 மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் இந்த மாற்றம் இருந்தது. ஒசெல்டாமிவிரை மிகக் குறைவாகவே பயன்படுத்தும் நாடு அது. அதை ஏராளமாகப் பயன்படுத்திய ஜப்பானிலோ அந்தக் குளிர்காலத்தில் அது அரிதாகவே தென்பட்டது. ஆக, மருந்தின் நெருக்கடி மட்டும் இதற்குக் காரணமில்லை. 2010-இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்குழு விளக்கம் தந்தது. இந்த மாற்றத்தால் செல்லின் மேற்பரப்புக்கு வந்துசேரும் நியூராமினிடேஸின் அளவு குறைகிறது, அதுதான் நலிவு. ஆனால் அதற்கு முன்பே வேறு சில மாற்றங்கள் தற்செயலாக வந்து அந்தக் குறையை ஈடுகட்டியிருந்தன. 2009-இல் உலகம் முழுவதும் பரவிய பன்றிக்காய்ச்சல் வைரஸ் இந்தப் பழைய எச்1என்1-ஐ ஓரங்கட்டியது. புதியதன் நியூராமினிடேஸ் வேறு வழியில் வந்தது. அதற்கு மருந்து பலித்தது.

கடைசியாக, மருத்துவர்கள் ஏன் 48 மணி நேரம், 48 மணி நேரம் என்கிறார்கள்? இந்த மருந்து வைரஸ் செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே நுழைந்துவிட்ட செல்களை அதனால் மீட்க முடியாது. சாதாரண ஃப்ளூவில் வைரஸின் பெருக்கம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அதன்பிறகு தடுக்க அதிகம் மிச்சமிருக்காது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏழு நாள் தொல்லை சுமார் 6.3 நாளாகக் குறைந்தது. குமட்டலும் வாந்தியும் சிலருக்குக் கூடின. எல்லோருக்கும் இது தேவையில்லை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஃப்ளூ நுரையீரலுக்குள் இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் கதை வேறு. அவர் உடலில் வைரஸ் ஒரு வாரம் கடந்தும் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவிக்கொண்டிருக்கலாம். ஆகவே 48 மணி நேரம் கடந்து வந்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அவருக்கு மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள்.